ஒரு கப் பொரியலுக்குள் எத்தனை கிராம் கோஸ்?

அப்பாவின் தட்டில் நான் முதன்முதலில் வைத்த 50 கிராம் மக்ரோனியைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: "என்னம்மா, இது சாம்பிளா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. தட்டின் நடுவில் ஒரு கைப்பிடிகூடத் தேறாத குவியல். சர்க்கரைக்காக அவருக்கு உணவு ஆலோசகர் எழுதிக் கொடுத்த தாளில் 'மக்ரோனி 50 கி' என்று இருந்தது. நானும் வேகவைத்து வடித்து, புதிதாக வாங்கிய தராசில் 50 காட்டும்வரை எடுத்து வைத்தேன். தாளின் அடியில் பொடி எழுத்தில் 'எல்லா அளவும் சமைப்பதற்கு முந்தைய எடை' என்று இருந்ததை மறுநாள்தான் பார்த்தேன். வெந்த மக்ரோனி 50 கிராம் என்றால் காய்ந்த மக்ரோனிக் கணக்கில் 21 கிராம். பாதிகூட இல்லை. அன்றிரவு பத்து மணிக்கு அப்பா சமையலறையில் எதையோ உருட்டிக்கொண்டிருந்த சத்தம் ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

அடுத்த வாரம் அதற்கு நேர் எதிராகத் தப்பு செய்தேன். 'ஒரு கப் வெந்த பாஸ்தா என்பது ஏறக்குறைய 55 கிராம் காய்ந்த பாஸ்தா' என்று படித்ததை நம்பி ஒரு கப் கொடுத்தேன். போன வாரம் பட்டினி போட்ட குற்றவுணர்ச்சியில் கரண்டியால் கொஞ்சம் அமுக்கி, மேலே கோபுரமும் கட்டினேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை வழக்கத்தைவிட நன்றாகவே ஏறியிருந்தது. அதே கப்பை அதே மாதிரி நிரப்பி இன்னொரு நாள் தராசில் வைத்துப் பார்த்தேன்: 188 கிராம். காய்ந்த கணக்கில் 80. ஒரு கப் என்று சொல்லி ஒன்றரைக் கப் கொடுத்திருக்கிறேன்.

இந்த இரண்டு தப்புக்குப் பிறகுதான் கப்பில் இருக்கும் வெந்த குவியலைப் பச்சை எடைக்கு மாற்றுவது எப்படி என்று உட்கார்ந்து யோசித்தேன். எட்டு மாதமாக ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். அதில் தேறியதை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு நியாயமான கேள்வி. வெந்த பிறகு நிறுத்துவிட்டு வெந்ததற்கான சத்துக் கணக்கைப் பார்த்தால் போதாதா, எதற்குப் பச்சை எடை? காரணம், நம் ஊர்ச் சாப்பாட்டுக்கான கணக்குகள் பெரும்பாலும் பச்சை எடையில்தான் இருக்கின்றன. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுகள் இருக்கின்றன. அதில் கோஸும் கத்தரிக்காயும் கீரையும் சமைக்காத நிலையில், உண்ணக்கூடிய பகுதி 100 கிராமுக்குத்தான் கணக்கிடப்பட்டிருக்கின்றன. மக்ரோனிப் பாக்கெட்டின் பின்னால் இருக்கும் '100 கிராமில்' என்ற பட்டியலும் காய்ந்த மக்ரோனிக்குத்தான். கோஸ் பொரியலுக்கு அட்டவணை தேடினால் எங்கோ ஒன்று கிடைக்கலாம். ஆனால் அந்தப் பொரியலில் எவ்வளவு தேங்காய் போட்டார்கள், எவ்வளவு நேரம் வதக்கினார்கள் என்பது யாருக்குத் தெரியும்? நம் வீட்டுப் பொரியல் நம் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

சரி, கப்புக்கு வருவோம்.

நம் பாட்டிகளுக்கு இது நன்றாகத் தெரியும். படியில் அளக்கும்போது 'தலைதட்டி' அளப்பது வேறு, 'குவித்து' அளப்பது வேறு. கடன் கொடுக்கும்போது தலைதட்டியும் வாங்கும்போது குவித்தும் அளக்கிறாள் என்று ஒரு பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி அம்மா இன்றைக்கும் சொல்வாள். கப் என்று வந்ததும் அந்த விவரம் நமக்கு மறந்துபோய்விட்டது. எங்கள் வீட்டில் இருக்கும் கப்பின் வாய் ஏழரை சென்டிமீட்டர் அகலம். அதன்மேல் மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குக் கோபுரம் கட்டினால், கூம்புக் கணக்குப்படி 44 மில்லி கூடுதல். 200 மில்லி டம்ளராக இருந்தால் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பார்வைக்கு அது 'கொஞ்சம் மேலே' மாதிரிதான் இருக்கும்.

இதில் கப்பே ஒன்றுபோல் இருப்பதில்லை. அமெரிக்க சமையல் குறிப்பில் வரும் கப் 237 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ரைஸ் குக்கரோடு வரும் கப் 180. என் வீட்டில் மூன்றும் ஒரே டப்பாவில் கிடந்தன. இப்போது குக்கர் கப் அரிசி டப்பாவுக்குள் போய்விட்டது.

இதையெல்லாம் சரிசெய்தாலும் ஒரு விஷயம் மிஞ்சும். கப் அளப்பது உணவை மட்டுமல்ல, உணவுத் துண்டுகளுக்கு நடுவில் இருக்கும் காற்றையும் சேர்த்துத்தான். அமெரிக்க வேளாண்துறையின் உணவு அட்டவணையில் இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. ஒரு கப் வெந்த பென்னே பாஸ்தா 107 கிராம். அதே கப்பில் அமுக்காமல் போட்ட ஸ்பகெட்டி 124 கிராம். ஸ்பகெட்டியை அமுக்கி வைத்தால் 151 கிராம். மாவு ஒன்றுதான், வெந்த பதமும் ஒன்றுதான். பென்னேயின் குழலுக்குள் இருக்கும் ஓட்டைக்கும் சேர்த்து நாம் கப் கொடுத்துவிடுகிறோம்.

கீரையில் இது இன்னும் வேடிக்கை. அதே அட்டவணையில் ஒரு கப் பச்சைப் பாலக்கீரை 30 கிராம், வேகவைத்து வடித்த ஒரு கப் 180 கிராம். ஆறு கப் கீரை வெந்து ஒரு கப்பாகிறது. 'கீரை வெந்தா ஒண்ணுமில்லாம போயிடும்' என்று சொல்கிறோமே, ஒன்றுமில்லாமல் போனது காற்று. வெந்நீரில் வேகவைத்து வடித்த கீரையில் தண்ணீரின் பங்கு பச்சைக்கீரையில் இருந்த அளவுக்கே ஏறக்குறைய இருக்கிறது, இரண்டிலும் 91 சதவீதம். அதனால் எடை அவ்வளவாகக் குறைவதில்லை. வெந்த கீரையைக் கப்பில் பார்த்து 'ஆறில் ஒரு பங்காகிவிட்டது, அப்போது எடையும் அப்படித்தான்' என்று நினைத்தால் முழுத் தப்பு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆக, கப்பிலிருந்து பச்சை எடைக்கு ஒரே தாவலாகப் போக முடியாது. நடுவில் ஒரு படி இருக்கிறது: அந்தக் கப்பில் இருப்பது இப்போது எத்தனை கிராம்? அது தெரிந்த பிறகுதான், அந்த கிராம் சமைப்பதற்கு முன் எத்தனை கிராமாக இருந்தது என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்குத் தராசு பதில் சொல்லும். இரண்டாவதற்குப் பாத்திரம்.

பாத்திரம் எப்படிப் பதில் சொல்லும்? ஒரு செவ்வாய்க்கிழமை கோஸ் பொரியலை எடுத்துக்கொள்கிறேன். கடையில் வாங்கிய கோஸ் 780 கிராம். மேல் இலைகளையும் நடுத்தண்டையும் நீக்கிய பிறகு 640. கணக்கு இந்த 640இல் இருந்துதான் தொடங்க வேண்டும். அட்டவணையும் உண்ணக்கூடிய பகுதிக்குத்தான் போட்டிருக்கிறார்கள், தண்டோடு சேர்த்து அல்ல. எண்ணெய் 10 கிராம், கடுகும் உளுத்தம்பருப்பும் 5, பச்சை மிளகாய் 10, தேங்காய்த்துருவல் 45. கோஸைத் தவிர்த்துப் போட்டவை மொத்தம் 70 கிராம். தண்ணீர் தெளிக்காமல், மூடி வைத்து, கடைசியில் திறந்து வதக்கினேன்.

இறக்கியதும் வாணலியோடு தராசில் வைத்தேன். சூடான வாணலியை நேராகத் தராசின் மேல் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் இளகும். எண்களும் தாறுமாறாக ஓடும். எங்கள் வீட்டில் பாட்டி காலத்துத் தேங்காய்நார்ப் பிரிமணை ஒன்று பரணில் கிடந்தது. அதைத் தராசில் வைத்து, பூஜ்யம் ஆக்கிவிட்டு, அதன்மேல் வாணலியை வைக்கிறேன். மொத்தம் 1670 காட்டியது. வாணலியின் வெறும் எடை 1140. ஆக, பொரியல் 530 கிராம். (வீட்டில் அடிக்கடி எடுக்கும் ஐந்து பாத்திரங்களின் வெறும் எடையையும் ஒரு சீட்டில் எழுதி மிக்ஸிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். இதை முதல் நாளே செய்துவிடுங்கள். வெந்த பிறகு 'வாணலி எவ்வளவு இருந்தது?' என்று யோசித்தால், பொரியலை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் கழுவிய பிறகுதான் விடை கிடைக்கும்.)

640 கிராம் கோஸ் 530 கிராம் பொரியலுக்குள் இருக்கிறது. அவ்வளவுதான் தேவை. 640ஐ 530ஆல் வகுத்தால் 1.21. இந்தப் பொரியலில் எந்த ஒரு கிராமை எடுத்தாலும் அதில் 1.21 கிராம் பச்சைக் கோஸ். தேங்காயும் எண்ணெயும் அதற்குள்ளேயே அடங்கிவிட்டன. அவற்றைத் தனியாகக் கழிக்க வேண்டியதில்லை.

பச்சை எடை = தட்டில் உள்ள எடை × மொத்தப் பச்சை எடை ÷ மொத்தச் சமைத்த எடை

அப்பாவின் தாளில் மதியத்துக்குக் காய் 150 கிராம். 150ஐ 1.21ஆல் வகுத்தால் 124 கிராம் பொரியல். தராசில் கிண்ணத்தை வைத்து 124 வரும்வரை போட்டேன். வேலை முடிந்தது.

ஆனால் அம்மா தராசு பார்க்க மாட்டாள். "நான் கண்ணளவுல போடுற ஆளு, எனக்கு கப்புல சொல்லு" என்றாள். சரி என்று அதே பொரியலை 200 மில்லி டம்ளரில் இரண்டு விதமாக அளந்தேன். கரண்டியால் அள்ளித் தளர்வாகப் போட்டுத் தலைதட்டினால் 110 கிராம். டம்ளரை மேடையில் இரண்டு தட்டு தட்டி, கரண்டியால் அமுக்கினால் 150. பச்சைக் கோஸ் கணக்கில் முதலாவது 133, இரண்டாவது 181. ஒரே பொரியல், ஒரே டம்ளர், 48 கிராம் வித்தியாசம். அம்மாவிடம் "தளர்வாப் போட்டு, தலைதட்டி, மேலே ஒரு ஸ்பூன்" என்று சொல்லிவைத்தேன். கோஸுக்கு அது போதும். கோஸில் மாவுச்சத்து கம்மி. 20 கிராம் கூடினாலும் குறைந்தாலும் அப்பாவின் சர்க்கரைக்கு அது உறைக்கவே உறைக்காது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் கறாரானவள். கீரைக்கும் கோஸுக்கும் புடலங்காய்க்கும் தினமும் தராசைத் தூக்குவது வீண் வேலை. ஒருமுறை அளந்து அந்தந்தப் பொரியலின் எண்ணைத் தெரிந்துகொண்டு, பிறகு கண்ணளவுக்குப் போய்விடலாம். தராசு வேண்டியது உருளைக்கிழங்குக்கும் பாஸ்தாவுக்கும். இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கும் என்பதுதான் விஷயமே.

உருளைக்கிழங்கு ரோஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தோல் சீவிய கிழங்கு 500 கிராம், எண்ணெயும் மசாலாவும் சேர்த்து நன்றாக முறுகும்வரை வதக்கியதில் கடைசியில் வாணலியில் இருந்தது 380 கிராம். எண்ணெய் ஏறியும் எடை இறங்கியிருக்கிறது, தண்ணீர் அவ்வளவு போயிருக்கிறது. 500ஐ 380ஆல் வகுத்தால் 1.32. தட்டில் 100 கிராம் ரோஸ்ட் என்றால் உள்ளே 132 கிராம் கிழங்கு. '100 கிராம்தானே' என்று அட்டவணையில் 100 கிராம் கிழங்கைப் பார்த்தால் மாவுச்சத்தைக் குறைத்து எழுதிவிடுவோம். முறுக முறுக இந்தத் தப்பு பெரிதாகும்.

மக்ரோனியில் இதன் தலைகீழ். தண்ணீர் போவதில்லை, ஏறுகிறது. 200 கிராம் காய்ந்த மக்ரோனியை எட்டு நிமிடம் வேகவைத்து, வடிதட்டில் ஆட்டி ஆட்டித் தண்ணீர் இறங்கிய பிறகு நிறுத்தேன்: 470 கிராம். 2.35 மடங்கு. பாக்கெட்டில் 100 கிராமுக்கு மாவுச்சத்து 74 கிராம் என்று போட்டிருந்தது. தட்டில் இருக்கும் 130 கிராம் வெந்த மக்ரோனிக்கு நேராக அந்தக் கணக்கைப் போட்டால் 96 கிராம் மாவுச்சத்து வரும். உண்மையில் அது 55 கிராம் காய்ந்த மக்ரோனி, மாவுச்சத்து 41. சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள் சாப்பாட்டைப் பார்த்து மருந்தளவு முடிவு செய்யும்போது 96க்கும் 41க்கும் உள்ள தூரம் விளையாட்டல்ல.

2.35 என்பது கல்வெட்டு இல்லை. கொஞ்சம் கடிபடும் பதத்தில் இறக்கினால் 2.1 வரை இறங்குகிறது. மகள் போனில் பேசிக்கொண்டே அடுப்பை மறந்த ஒரு நாள் 2.7 வந்தது. அதனால் ஒவ்வொரு முறையும் பாத்திரத்தைத்தான் நிறுக்கிறேன். நம் வீட்டு மக்ரோனி வெறும் மக்ரோனியாகவும் இருப்பதில்லை. வெங்காயம், தக்காளி, கேரட், பட்டாணி எல்லாம் போட்டு உப்புமா மாதிரி கிளறியதுதான். அப்படி ஒரு நாள் 200 கிராம் மக்ரோனி போட்டதில் வாணலியில் மொத்தம் 860 கிராம் வந்தது. அப்பாவுக்கு 50 கிராம் காய்ந்த மக்ரோனி வேண்டும், அதாவது போட்டதில் கால் பங்கு. அப்படியென்றால் வாணலியில் இருப்பதிலும் கால் பங்கு: 215 கிராம். எத்தனை மடங்கு ஊதியது, கேரட் எவ்வளவு சுருங்கியது என்று எதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நன்றாகக் கிளறியிருந்தால் போதும்.

215 கிராம் தட்டில் நன்றாக நிறைந்து இருந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் திருப்தி என்று அர்த்தம்.

இதெல்லாம் நாமே சமைத்தால். வெளியிலிருந்து வந்த டப்பாவுக்கு என்ன செய்வது? மகளின் தோழி வீட்டிலிருந்து ஒரு டப்பா வெந்த பாஸ்தா வந்தது, சாஸ் தனியாக. பச்சை எடை கேட்டால் அந்த அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார். அன்றைக்குத்தான் இன்னொரு வழி தோன்றியது. சமைக்கும்போது தண்ணீர் வரும், போகும்; உள்ளே இருக்கும் காய்ந்த பொருள் அங்கேயே இருக்கும். வெந்ததைத் திரும்பக் காயவைத்தால் பழைய எடை வந்துவிட வேண்டுமே?

வத்தல் போடும் வீட்டில் இதற்கு என்ன தயக்கம்! மே மாதம், திருச்சி வெயில். வழக்கம்போல வேகவைத்து வடித்த வெறும் மக்ரோனியில் 100 கிராம் எடுத்து, மொட்டைமாடியில் பழைய வேட்டியின்மேல் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பினேன். பக்கத்திலேயே அம்மாவின் கூழ் வத்தல். "ஏண்டி, வெந்ததைக் காயப்போட்டுத் திரும்ப வேகவைக்கப் போறியா?" என்று அவள் கேட்டதற்கு என்னிடம் மரியாதையான பதில் இல்லை. இரண்டாம் நாள் மாலை கையில் எடுத்தால் கலகலவென்று சத்தம். தராசில் 40 கிராம்.

என் கணக்குப்படி 42 அல்லது 43 வந்திருக்க வேண்டும். மீதி எங்கே? காக்கை எடுத்திருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, வடித்த தண்ணீர். சோறு வடித்த கஞ்சி மாதிரி வெள்ளையாகக் கலங்கியிருக்குமே, அதில் போனது மக்ரோனியின் மாவுதான். போட்ட மாவில் ஒரு சிறு பங்கு வடிதட்டு வழியாக இறங்கிவிடுகிறது. ஆக வெயில் கணக்கு இரண்டு மூன்று கிராம் குறைத்துக் காட்டும். ஆனால் திசை சரி.

வெயில் இல்லாதவர்கள் இதையே தாளில் செய்யலாம். கடையில் வாங்கும் காய்ந்த பாஸ்தாவில் பத்தில் ஒரு பங்கு ஈரம், 90 பங்கு காய்ந்த பொருள். வழக்கமான பதத்தில் வெந்த பாஸ்தாவில் 62 பங்கு தண்ணீர், 38 பங்கு காய்ந்த பொருள். 38ஐ 90ஆல் வகுத்தால் 0.42. வெந்த பாஸ்தாவின் எடையை 0.42ஆல் பெருக்கினால் காய்ந்த எடை. தோழி வீட்டு டப்பாவில் 310 கிராம் இருந்தது. 130 கிராம் காய்ந்த பாஸ்தா என்று எழுதிக்கொண்டேன். கொழகொழவென்று இருந்தால் 0.38, கடிபட்டால் 0.47 என்று மாற்றிக்கொள்வேன்.

இதே வித்தையைக் காய்கறியில் செய்துபார்த்து ஏமாந்தேன். ஏன் என்று புரிய ஒரு வாரம் ஆனது. பச்சைக் கோஸில் 92 பங்கு தண்ணீர், காய்ந்த பொருள் எட்டே எட்டு. தேங்காய் இல்லாமல் வதக்கிய கோஸில் தண்ணீர் 90 சதவீதம் என்று வைத்தால் காய்ந்த பொருள் 10. பத்தை எட்டால் வகுத்தால், 100 கிராம் வதக்கலில் 125 கிராம் பச்சைக் கோஸ். தண்ணீர் 88 என்று வைத்தால் காய்ந்த பொருள் 12; விடை 150. தண்ணீரில் இரண்டே சதவீதம் மாறினால் விடையில் 25 கிராம் ஆடுகிறது. அந்த இரண்டு சதவீதத்தைக் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பாஸ்தாவில் காய்ந்த பொருள் நிறைய இருப்பதால் சின்னத் தவறைத் தாங்குகிறது, காயில் தாங்காது. யாரோ சமைத்த பொரியல் ஒரு கப் வந்தால் நான் இப்போது கணக்கே போடுவதில்லை. தளர்வான கப் என்றால் பச்சையில் ஒன்றேகால் மடங்கு எடை என்று குத்துமதிப்பாக வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறேன்.

பாத்திரக் கணக்கு ஏமாற்றும் இடமும் உண்டு. குழம்பு. சாம்பாரில் 300 கிராம் கத்தரிக்காய் போட்டேன், மொத்தச் சாம்பார் ஒன்றரைக் கிலோ, அதனால் ஒரு கரண்டியில் இவ்வளவு என்று வகுத்தால் நடக்காது. அப்பா கரண்டியை அடிவரை விட்டுக் காயாகத் தேடி எடுப்பார். மகள் மேலாக வெறும் சாம்பார் எடுப்பாள். ஒரே மாதிரி கலந்திருக்கும் பாத்திரத்துக்கு மட்டும்தான் வகுத்தல் செல்லும். சாம்பாருக்கு நான் துண்டுகளை எண்ணுகிறேன். 300 கிராம் கத்தரிக்காயை 20 துண்டாக நறுக்கினால் துண்டுக்கு 15 கிராம். தட்டில் ஆறு துண்டு விழுந்தால் 90. பரங்கிக்காய் குழைந்துபோனால் எண்ணவும் முடியாது. அன்றைக்குக் கணக்குக்கு விடுமுறை.

எண்ணில் தப்பு நுழைந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு சோதனை வைத்திருக்கிறேன். வதக்கிய காயின் எடை, போட்டதெல்லாம் சேர்ந்த எடையைவிடக் கூடுதலாக வந்தால், தெளித்த தண்ணீர் இன்னும் வாணலியில் நிற்கிறது என்று அர்த்தம். அல்லது வாணலியின் வெறும் எடையைக் கழிக்க மறந்திருக்கிறேன். பாஸ்தா இரண்டு மடங்குக்குக் கீழே வந்தால் வேகவில்லை, மூன்றை நெருங்கினால் வடியவில்லை. ஒருமுறை 3.4 வந்தபோது தலையைப் பிய்த்துக்கொண்டேன். கரண்டியைச் சேர்த்து நிறுத்திருக்கிறேன்.

சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு விஷயம். பச்சை எடைக்கு மாற்றிப் பார்ப்பது மாவுச்சத்துக்கும் கலோரிக்கும் சரி. பொட்டாசியத்துக்கு அது பொருந்தாது. காயை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் பொட்டாசியத்தில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும், அதற்காகத்தான் அவர்களை அப்படிச் சமைக்கச் சொல்கிறார்கள். பச்சைக் காயின் பொட்டாசியத்தை அப்படியே எழுதினால் கூடுதலாகக் காட்டும். வைட்டமின் சியும் அப்படித்தான். அவர்கள் தங்கள் உணவு ஆலோசகரிடம் எந்த எடையை எழுதுவது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இப்போது எங்கள் வீட்டில் மிக்ஸிக்கு மேலே இரண்டு சீட்டு இருக்கிறது. ஒன்றில் பாத்திரங்களின் வெறும் எடை. இன்னொன்றில் பொரியல் எண்கள்: கோஸ் 1.2, பீன்ஸ் 1.1, உருளை ரோஸ்ட் 1.3, மக்ரோனி 0.42. போன மாதம் கீழே அம்மாவின் கையெழுத்தில் ஐந்தாவதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: 'வத்தல் — கேக்காதே.'